சாதா டிஃபரன்ஷியலா, எல்.எஸ்.டி-யா? கொல்லிமலைக்கு நான் எடுத்த வண்டி

நாலு வருடத்துக்கு முன்னால் பழைய பிக்கப் ஒன்று தேடினேன். ஒரே மாடல், ஒரே வருடம், இரண்டு வண்டி கிடைத்தன. இரண்டிலும் என்ஜின் சக்தி பின்சக்கரங்களுக்குத்தான் போகும். ஒன்றில் சாதா டிஃபரன்ஷியல். இன்னொன்றில் லிமிடெட் ஸ்லிப், சுருக்கமாக எல்.எஸ்.டி. அதற்கு 30,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். செம்மேட்டுப் பக்கம் மிளகும் காபியும் போட்டிருக்கிறேன், மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை சேறு. அதனால் எல்.எஸ்.டி வண்டியையே எடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எடுப்பேன், ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விற்றவர் அதைச் சொல்லவில்லை.

முதலில் டிஃபரன்ஷியல் என்ற சாமான் எதற்கு என்று பார்ப்போம். காரவள்ளியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவை முழு அரைவட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கச் சக்கரம் பெரிய அரைவட்டம் போடும், உள்பக்கச் சக்கரம் சின்ன அரைவட்டம் போடும். இரண்டுக்கும் உள்ள தூர வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும். வளைவு அகலமா குறுகலா என்பது கணக்கிலேயே வராது. சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 3.14-ஆல் பெருக்கினால் போதும். அகலம் 1.4 மீட்டர் என்றால் வித்தியாசம் 4.4 மீட்டர். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். ஆக, ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சரியாக இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும்.

மாட்டு வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை, அதன் சக்கரங்கள் அச்சில் தனித்தனியாகச் சுற்றுகின்றன. என்ஜின் இரண்டு சக்கரத்தையும் திருப்ப வேண்டும் என்னும்போதுதான் சிக்கல் வருகிறது. இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் அந்த இரண்டு சுற்றையும் டயர்தான் ரோட்டில் தேய்த்துத் தீர்க்க வேண்டும். இதற்கான விடைதான் டிஃபரன்ஷியல், அதை பிரான்ஸ்காரர் பெக்கூர் 1827-லேயே நீராவி வண்டிக்காகப் பதிவு செய்துவிட்டார்.

என்ஜினிலிருந்து வரும் தண்டின் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம் டெயில் பினியன். அது கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீலோடு ஒரு கூடு சேர்ந்து சுற்றுகிறது. கூட்டுக்குள் குறுக்கே ஒரு தண்டு, அதில் சின்ன ஸ்டார் பினியன்கள். அவற்றின் இரண்டு பக்கமும் சன் கியர்கள். ஆக்சில் தண்டுகள் இவற்றில்தான் சொருகியிருக்கும். நேர்ரோட்டில் ஸ்டார் பினியன் தன்னைத்தானே சுற்றாது. கூட்டோடு சேர்ந்து உருண்டு, இரண்டு சன் கியரையும் ஒன்றாக இழுத்துப் போகும். வளைவில் உள்சக்கரம் மெதுவானதும் ஸ்டார் பினியன் தன் தண்டில் சுழலத் தொடங்குகிறது. உள்பக்கம் எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு வெளிப்பக்கம் கூடுகிறது. நம் கணக்குப்படி கூட்டைவிட உள்சக்கரம் ஒரு சுற்று குறைவு, வெளிச்சக்கரம் ஒரு சுற்று அதிகம். தார் ரோட்டுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

சேற்றில்தான் இதன் குறை தெரியும். ஒரு கம்பை நடுவில் பிடித்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கல்லை வைத்துத் தள்ளிப் பாருங்கள். ஒரு கல் லேசு, இன்னொன்று கனம். லேசான கல்தான் நகரும், கம்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். லேசான கல் எவ்வளவு எதிர்க்கிறதோ, அதற்குமேல் கனமான கல்லின்மேல் உங்களால் அழுத்தவே முடியாது. ஸ்டார் பினியன் அந்தக் கம்புதான். வேகத்தை எப்படி வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கும், ஆனால் விசையை இரண்டு பக்கமும் சமமாகத்தான் தள்ளும். ஒரு பக்கம் வழுக்கினால் நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே அற்ப விசைதான்.

எல்.எஸ்.டி என்பது இதே அமைப்போடு சேர்த்த ஒரு பிடிமானம். சன் கியருக்கும் கூட்டுக்கும் நடுவில் மெல்லிய தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். ஒரு தட்டு சன் கியரோடு சுற்றும், அடுத்தது கூட்டோடு சுற்றும், இப்படி மாற்றி மாற்றி. ஸ்பிரிங் ஒன்று அவற்றை எப்போதும் கொஞ்சம் அழுத்தி வைத்திருக்கும். என்னுடைய வகையில் ஸ்டார் பினியன் தண்டின் முனைகள் இரண்டு வளையங்களுக்கு நடுவே உள்ள சரிவான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஆக்சிலேட்டர் கொடுத்தால் தண்டு சரிவில் ஏறி வளையங்களைத் தள்ளும், தட்டுகள் இறுகும். ஒரு சக்கரம் தனியாகக் கிறுகிறுவென்று சுற்ற முயன்றால், அந்த உராய்வு விசையின் ஒரு பங்கை மெதுவாகச் சுற்றும் பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

இதை எண்ணில் பார்ப்போம். காலி வண்டி 1,500 கிலோ, பின்சக்கரம் ஒவ்வொன்றின்மேலும் 300 கிலோ. ஒரு பக்கம் இறுகிய மண், அங்கே 180 கிலோ இழுவை வரை கிடைக்கும். இன்னொரு பக்கம் கொழகொழ சேறு, 30 கிலோதான். இருபது அடிக்கு ஓரடி ஏறும் பாதை என்றால் ஏற்றத்துக்கு 75, உருளும் தடைக்கு 30, மொத்தம் 105 கிலோ வேண்டும். சாதா டிஃபரன்ஷியல் 30-ம் 30-ம் சேர்த்து 60 கொடுக்கும். வண்டி நகராது. பிடி உள்ள பக்கத்துக்கு மூன்று மடங்குவரை தரும் எல்.எஸ்.டி என்றால் 30-ம் 90-ம் சேர்த்து 120. ஏறிவிடும்.

பத்தடிக்கு ஓரடி என்று ஏற்றம் கூடினால் 180 கிலோ வேண்டும். அப்போது எல்.எஸ்.டியும் தோற்கும், இரண்டு சக்கரத்தையும் முழுசாகப் பூட்டும் லாக்கர்தான் 30-ம் 180-ம் சேர்த்து 210 கொடுத்துக் காப்பாற்றும். சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் கதை அதுதான். பூஜ்யத்தின் மூன்று மடங்கு பூஜ்யம், ஸ்பிரிங் கொடுக்கும் கொஞ்சம் மட்டுமே மிச்சம். என் பாதையில் ஏற்றம் இருபது அடிக்கு ஓரடிதான், அதனால் எனக்குச் சரிப்பட்டது. உங்கள் பாதை ஓடைக்குள் இறங்கி ஏறுவது என்றால் லாக்கர் உள்ள வண்டியைப் பாருங்கள்.

சாதா வண்டியில் ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்தால் வெளியே வந்துவிடலாம் என்பார்கள். அது இரண்டு சக்கரத்தையும் ஒரே அளவு பிடிக்கிறது. சேற்றுப் பக்கம் எவ்வளவு எதிர்ப்பைக் கூட்டுகிறதோ, அதே அளவை நல்ல பக்கத்து பிரேக்கும் தின்றுவிடும். டிராக்டரில் இது பலிப்பதற்குக் காரணம், அதில் இடது வலது பிரேக் பெடல் தனித்தனி.

சரி, நிபந்தனைக்கு வருவோம். அது டயர்.

வாங்கிய இரண்டாம் வருடம் பின்பக்க டயர் ஒன்று பக்கவாட்டில் கிழிந்தது. ஒன்றுதானே என்று ஒரு புது டயர் மட்டும் போட்டேன். மறுபக்கத்து டயரில் பட்டன் 7 மில்லிமீட்டர் தேய்ந்திருந்தது. அதாவது விட்டம் ஒன்றுக்கு 700 மில்லிமீட்டர், மற்றதற்கு 686. பார்த்தால் தெரியாது. ஆனால் ஒரு கிலோமீட்டர் போக புது டயர் 455 சுற்றும், பழையது 464 சுற்றும். நேர்ரோட்டில், வளைவே இல்லாமல், கிலோமீட்டருக்கு 9 சுற்று வித்தியாசம். கொல்லிமலையின் 70 வளைவிலும் சேர்ந்து 140 சுற்றுதான் என்று மேலே பார்த்தோம். சமவெளியில் 30 கிலோமீட்டர் நேராகப் போனாலே 270 சுற்று! இரண்டு முறை மலையேறிய தேய்மானம்.

சாதா டிஃபரன்ஷியலில் இதனால் ஸ்டார் பினியன் சும்மா மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும், அவ்வளவுதான். எல்.எஸ்.டியில் தட்டுகள் நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசும். எட்டு மாதம் அப்படியே ஓட்டினேன். எண்ணெயை இறக்கியபோது கருகருவென்று, கருகிய வாடையோடு வந்தது. பின்பக்கம் இரண்டு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில், ஒரே காற்றழுத்தத்தில் இருக்க வேண்டும் என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன்.

அடுத்தது எண்ணெய். தட்டு வகைக்கு வெறும் கியர் ஆயில் போதாது. உராய்வைச் சீராக்கும் மருந்து கலந்த, எல்.எஸ்.டிக்கு என்றே விற்கும் ஆயில் வேண்டும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் சாதா ஆயிலை ஊற்றிவிட்டார்கள். வாசலில் வண்டியை மெதுவாகத் திருப்பும்போதெல்லாம் பின்னாலிருந்து கடகடவென்று ஓர் அதிர்வு. பேரிங் போய்விட்டது என்று பிரிக்கத் தயாரானார்கள். தட்டுகள் வழுக்காமல் ஒட்டி ஒட்டி விடுவதுதான் அந்தச் சத்தம். சரியான ஆயிலை மாற்றி, காலி மைதானத்தில் எட்டு போட்டு ஓட்டியதும் அடங்கியது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஒன்று செய்யலாம். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதா. ஒரே திசையில் சேர்ந்து சுற்றினால் தட்டு எல்.எஸ்.டி, உயிரோடு இருக்கிறது. எல்.எஸ்.டி என்று சொல்லி விற்கிறார்கள், ஆனால் எதிர்த்திசையில் சுற்றுகிறது என்றால் தட்டுகள் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்; கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். எல்.எஸ்.டி வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் ஏற்றி கியர் போடவே போடாதீர்கள். தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கிக் கொண்டுபோய்விடும்.

தட்டே இல்லாமல் சாய்ந்த பல் கியர்களின் உராய்வால் வேலை செய்யும் வகையும் உண்டு. தேய்மானத் தொல்லை அதில் மிகக் குறைவு. ஸ்பிரிங் அழுத்தம் வைக்காதது என்றால் சக்கரம் தொங்கும்போது அது கைவிடும், மேலே சொன்ன ஸ்டாண்ட் சோதனையிலும் சாதா மாதிரியே நடந்துகொள்ளும். அதை நான் வைத்து ஓட்டியதில்லை, இதற்குமேல் சொல்ல மாட்டேன். புது வண்டிகள் சிலவற்றில் கம்ப்யூட்டரே சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது, டிராக்டர் வித்தைதான்.

எல்.எஸ்.டியால் ஒரு சங்கடமும் உண்டு. ஈரத்தார் வளைவில் காலி வண்டியை அழுத்தினால், சாதாவில் உள்சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றும். இதில் இரண்டும் சேர்ந்து வழுக்கி, பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு சாதாவே போதும்.

இப்போது பின்பக்கம் பஞ்சர் ஆனால், ஸ்டெப்னியை நேராகப் பின்னால் மாட்டுவதில்லை. பின்டயரோடு தேய்மானம் ஒத்துப்போகிற முன்டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்டுகிறேன். ஒரு வேலைக்கு இரண்டு வேலை. சோளக்காட்டில் பஞ்சர் போடுகிற தம்பி, “அண்ணே, எல்லாரும் ஒரு வீல் கழட்டுவாங்க, நீங்க மட்டும்தான் ரெண்டு” என்று ஒவ்வொரு முறையும் சிரிப்பான்.