ஒரு ரூபாய் வட்டியை விட்டு ஒன்றரை வட்டிக்குப் போன கதை: ஃபிளாட்டா, ரெடியூசிங்கா?

அக்கா மகள் காதணி விழாவுக்குத் தாய்மாமன் சீர் செய்ய எனக்கு இரண்டு லட்சம் தேவைப்பட்டது. மூன்று வருடத்தில், 36 தவணையில் அடைப்பதாகத் திட்டம். மதுரை காமராஜர் சாலையில் ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸில் 12 சதவீதம் ஃபிளாட் என்றார்கள். எனக்குச் சம்பளம் ஏறும் வங்கியில் 18 சதவீதம் ரெடியூசிங். "ஒரு ரூபா வட்டியை விட்டுட்டு ஒன்றரை வட்டிக்கு எதுக்குப் போற?" என்று மாமா கேட்டார். நான் ஒன்றரைக்குத்தான் போனேன்.

மாமா சொன்னது ஊர்க் கணக்கு. உசிலம்பட்டிப் பக்கம் ஒருவரிடம் ஒரு ரூபாய் வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினால் மாதம் 2,000 வட்டி. முதலைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை இரண்டு லட்சமும் நம் கையில்தான் இருக்கும். அதனால் அது நிஜமாகவே 12 சதவீதம்தான்.

ஃபிளாட் தவணைக் கடனில் அப்படி இல்லை. வருடம் 24,000 வீதம் மூன்று வருட வட்டி 72,000. அதை முதலோடு சேர்த்து 36-ஆல் வகுத்தால் தவணை 7,556. இதில் முதல் 5,556, வட்டி 2,000. மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டி மட்டும் குறைவதே இல்லை. கடைசி மாதம் நம்மிடம் மிச்சம் இருக்கும் கடன் வெறும் 5,556. அதற்கும் அதே 2,000 வட்டி.

ரெடியூசிங்கில் அந்தந்த மாதம் நிற்கும் பாக்கிக்கு மட்டும் வட்டி. முதல் மாதம் 3,000, ஃபிளாட்டை விட அதிகம்தான். ஆனால் கடைசி மாத வட்டி சுமார் 107 ரூபாய். தவணை 7,231, மொத்த வட்டி ஏறக்குறைய 60,300. ஆக, 18 என்று சொன்ன கடன் 12 என்று சொன்னதை விட ஏறக்குறைய 11,700 ரூபாய் மலிவு. ஃபிளாட் 12-இன் உண்மை விகிதத்தைப் பார்க்க, எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ இதைப் போடுங்கள்:

```
=RATE(36,-7556,200000)*12
```

சுமார் 0.212 என்று வரும். அதாவது 21.2 சதவீதம்.

இதையும் தாண்டி என்னை முடிவெடுக்க வைத்தது வேறு விஷயம். அடுத்த வருடம் என் பையனுக்குக் காதணி வைப்பதாக இருந்தோம். மொய் வரும், அதை வைத்துக் கடனைப் பாதியில் முடித்துவிடலாம் என்பது நினைப்பு. ஃபைனான்ஸ் ஆபீஸில், "12 தவணை கட்டிட்டு முடிச்சா எவ்வளவுங்க?" என்று கேட்டேன். மீதி 24 தவணையையும் அப்படியே கட்ட வேண்டும் என்றார்கள். 1,81,000-க்கு மேல் வருகிறது. இன்னும் வராத இரண்டு வருடத்துக்கான வட்டியும் அதில் அடக்கம்.

வங்கியில் 12 தவணைக்குப் பிறகு பாக்கி 1,44,830. முன்கூட்டியே முடிக்க அதில் 4 சதவீதக் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 6,836. நான் அப்படித்தான் முடித்தேன். மீதி வட்டி 28,700 மிச்சம். கட்டணம் போக ஏறக்குறைய 21,900 கையில் நின்றது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: முதல் வருடம் நான் கட்டிய 86,800-இல் 31,600 வட்டிக்கே போய்விட்டது. ரெடியூசிங்கில் வட்டி முன்னால் கனமாகவும் பின்னால் லேசாகவும் இருக்கும். அதனால் 30-ஆவது தவணையில் போய் முடித்தால் கட்டணத்துக்கும் மிச்சத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. முடிப்பதென்றால் சீக்கிரம் முடிக்க வேண்டும்.

நான் கேட்டது ஒரே ஒரு ஃபைனான்ஸில்தான். எல்லா ஃபிளாட் கடனிலும் மீதி வட்டி முழுவதையும் கேட்பார்கள் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் உள்ளே ரெடியூசிங் அட்டவணைதான் ஓடும், ஃபிளாட் என்பது விற்பதற்குச் சொல்லும் விகிதம் மட்டுமே. கையெழுத்துக்கு முன் 12-ஆவது மாதம் முடித்தால் எவ்வளவு என்பதை எழுதி வாங்கிவிடுங்கள்.

2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற தாளை, நமக்குப் புரியும் மொழியில், தர வேண்டும். அதில் ஏபிஆர் என்ற விகிதம் இருக்கும். பிராசஸிங் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் செலவு அது. ஃபிளாட், ரெடியூசிங் என்று குழம்பாமல் அந்த ஒரு எண்ணை இரண்டு தாளிலும் பாருங்கள்.

ஃபிளாட் என்றாலே வேண்டாம் என்றும் இல்லை. அதே ஆபீஸ் 9 சதவீதம் ஃபிளாட் என்று சொல்லியிருந்தால் தவணை 7,056 தான், வங்கியை விடக் குறைவு. மூன்று வருடமும் ஒழுங்காகக் கட்டப்போகிறவராக நான் இருந்திருந்தால், மற்றக் கட்டணங்களும் ஒன்றாக இருந்தால், அதைத்தான் எடுத்திருப்பேன்.