ரெசினை மாற்றும் முன் உப்புத் தொட்டியைப் பாருங்கள்: நான்காண்டு ஓடிய ஒரு சாஃப்ட்னரின் கணக்கு

சென்னையின் தெற்குப் புறநகரில் ஐந்து பேர் வாழும் வீடு. முழுக்கப் போர்த் தண்ணீர்தான், கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். சம்பிலிருந்து மோட்டார் ஏற்றும் தண்ணீர், கடின நீரை மென்மையாக்கும் சிறு மணிகளான ரெசின் 25 லிட்டர் உள்ள தானியங்கி சாஃப்ட்னர் வழியாக மாடித் தொட்டிக்குப் போகிறது. ஒரு நாள் செலவு ஏறத்தாழ 700 லிட்டர். இந்த அமைப்பு நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை தோற்றது. இரண்டு முறையும் "ரெசின் போச்சு, மாத்தணும்" என்றுதான் சர்வீஸுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். இரண்டு முறையும் ரெசினில் குறை இல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் கடின நீரை 'உப்புத் தண்ணி' என்கிறோம். அதனால் சாஃப்ட்னர் போட்டால் உப்பு குறையும் என்று நினைத்து, டிடிஎஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து, அளவு அப்படியே இருக்கிறதே என்று ஏமாந்துபோகிறோம். ரெசின் செய்வது பண்டமாற்று. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. கரைந்திருக்கும் மொத்த அளவு குறையாது, துளி கூடவே செய்யும். எனவே டிடிஎஸ் மீட்டர் இங்கே எதற்கும் உதவாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள். கடினத்தன்மை இருந்தால் தண்ணீர் ஒயின் சிவப்பாகும், இல்லையென்றால் நீலமாகும். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கண்டுபிடிப்பும் இதையும் ஒரு குச்சியையும் வைத்துச் செய்தவைதான்.

இனி கணக்கு. பிடிக்கும் திறன் தீர்ந்த ரெசினை உப்புத் தொட்டியின் உப்புநீரால் கழுவி மீண்டும் சோடியம் ஏற்றுவதுதான் ரீஜெனரேஷன். ஒரு லிட்டர் ரெசினுக்கு 150 கிராம் உப்பு என்ற அளவில் ரீஜெனரேஷன் செய்தால், அந்த ஒரு லிட்டர் சுமார் 55 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். 25 லிட்டருக்கு 1375 கிராம். ஒவ்வொரு லிட்டர் தண்ணீரிலும் 0.6 கிராம் இருப்பதால் ஏறத்தாழ 2300 லிட்டர் வரை மென்நீர் வரும். நாளுக்கு 700 லிட்டர் என்றால் மூன்று நாளுக்கு ஒரு ரீஜெனரேஷன், ஒவ்வொன்றுக்கும் 3.75 கிலோ உப்பு. ஆக 25 கிலோ மூட்டை ஒன்று இருபது நாளில் தீர வேண்டும். பழுதுகளைக் காட்டிக்கொடுத்தது இந்த இருபது நாள் என்ற எண்தான்.

முதல் பழுது மூன்றாம் ஆண்டு, ஐப்பசி மழைக்காலத்தில். குளியலறைக் குழாயில் வெள்ளைப் படிவு திரும்பியது, சோப்பு நுரைக்கவில்லை. ரீஜெனரேஷனின் நிலைகளை மாற்றும் வால்வு தன் சுற்றுகளை ஒழுங்காக ஓட்டியது. உப்புத் தொட்டியில் தண்ணீர் ஏறி இறங்கியது. ஆனால் உப்பு மட்டம் ஒரு மாதமாக அசையவில்லை. "உப்பு நிறைய இருக்கே" என்று மூடியைத் திறந்து பார்த்து மூடிவிட்டதுதான் தவறு. உப்பு குறையாமல் இருப்பதே நோய்.

துடைப்பக் கட்டையை மேலிருந்து மெல்ல இறக்கியபோது அரை அடியில் பாறைபோல் முட்டியது. சற்று அழுத்தியதும் உடைத்துக்கொண்டு வெற்றிடத்தில் விழுந்தது. இதுதான் உப்புப் பாலம். மேலே உப்பு தொட்டியின் சுவரோடு சுவராக இறுகிக் கூரைபோல் நிற்கிறது. கீழே இருந்த உப்பு கரைந்து போய்விட்டது, மேலே இருப்பது இறங்கவில்லை. ஒவ்வொரு முறையும் நிரம்பும் பத்து லிட்டர் தண்ணீர் உப்பைத் தொடாமலே திரும்பி ரெசினுக்குள் போகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் 360 கிராம் உப்பைக் கரைக்கக்கூடியது. அடர்ந்த உப்புநீர் வந்தால்தான் ரெசின் கால்சியத்தை விட்டுக்கொடுக்கும். வெறும் தண்ணீரால் எவ்வளவு நேரம் கழுவினாலும் விடாது.

பாலம் கட்டியதற்கு இந்த வீட்டில் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்தன. வில்லை உப்பு விலை அதிகம் என்று பொடி உப்புக்கு மாறியது, மழைக்கு முன்பே தொட்டியை விளிம்பு வரை நிரப்பி வைத்தது, கடற்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் மூடி சரியாகப் பொருந்தாமல் கிடந்தது. ஈரத்தை வாங்கிய பொடி உப்பு, காய்ந்ததும் கட்டியாகிறது. விளிம்பு வரை நிரப்பினால் அந்த எடை அழுத்தி இன்னும் இறுக்குகிறது.

உடைப்பதற்குக் கட்டையோ மரக்குச்சியோ போதும். கடப்பாரையும் இரும்புக் கம்பியும் வேண்டாம். தொட்டிக்குள் நிற்கும் குழாய்க்குள்தான் மிதவையும் உறிஞ்சு குழாயும் இருக்கின்றன. அதன் மேல் ஓர் அடி பட்டால் வேறு செலவு வரும். அசையாத இடத்தில் வெந்நீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டால் இளகிவிடும். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் தொட்டி. உடைத்த பிறகு அடியையும் கையால் தடவிப் பாருங்கள். பொடி உப்பு அடியில் களிபோல் தங்கியிருந்தால் அதை அள்ளி வெளியேற்ற வேண்டும். தூத்துக்குடிக் கல் உப்பைப் பயன்படுத்துபவர்கள் அடியில் சேறும் மணலும் காண்பார்கள். கல் உப்பு ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவும் பொறுப்போடுதான் அது மலிவு. அதன்பின் இந்த வீட்டில் தொட்டியைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, வாரம் ஒருமுறை குச்சி விட்டுப் பார்க்கிறார்கள். பாலம் திரும்பவில்லை.

உடைத்தவுடன் தண்ணீர் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு மாதம் பட்டினி கிடந்த ரெசின் அடிவரை கால்சியத்தால் நிறைந்திருக்கிறது. லிட்டருக்கு 240 கிராம் கணக்கில், அதாவது 6 கிலோ உப்பில், அடுத்தடுத்து இரண்டு ரீஜெனரேஷன் தேவைப்பட்டது. உப்பு கரைய இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி.

இரண்டாவது பழுது வெளிப்பார்வைக்கு முதலாவதைப் போலவே இருந்தது. படிவு திரும்பியது, உப்பு குறையவில்லை. ஆனால் குச்சி தடையில்லாமல் அடிவரை போனது. தொட்டியின் தண்ணீர் மட்டத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்து, ரீஜெனரேஷன் முடிந்த மறுநாள் பார்த்தால் உப்பும் தண்ணீரும் கோட்டை விட்டு நகரவே இல்லை. உறிஞ்சவும் இல்லை, நிரப்பவும் இல்லை. வால்வின் திரை மட்டும் வேலை முடிந்ததாகக் காட்டியது.

காரணம் மோட்டார். சம்புக்கும் மாடித் தொட்டிக்கும் நடுவே சாஃப்ட்னர் இருந்தால், மோட்டார் ஓடும்போதுதான் அதற்குள் அழுத்தமே இருக்கும். முன்பு காலை ஆறு மணிக்குக் கையால் மோட்டார் போடுவார்கள், ரீஜெனரேஷனும் ஆறு மணிக்கு வைக்கப்பட்டிருந்தது. பிறகு தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தினார்கள். அது தொட்டி காலியானால்தான் மோட்டாரை ஓட்டும். வால்வுக்கு இது தெரியாது. ரெசினைக் கீழிருந்து மேலாகக் கழுவும் எதிர்க்கழுவல் பத்து நிமிடம், உப்புநீர் உறிஞ்சலும் மெதுவான அலசலும் ஒரு மணி நேரம், வேக அலசல் பத்து நிமிடம், தொட்டி நிரப்பல் ஆறு நிமிடம் என்று கடிகாரப்படி நிலைகளை மாற்றிக்கொண்டே போய், ஒரு சொட்டும் ஓடாமல் முடித்துக்கொண்டது. நள்ளிரவு இரண்டு மணி என்று ஆலையிலேயே அமைத்து வரும் நேரத்தை மாற்றாமல் விடும் வீடுகளில் முதல் நாளிலிருந்தே இந்தக் கதைதான்.

மாடித் தொட்டிக்குக் கீழே மாட்டினால் தீருமா? இரண்டு மாடி உயரத் தொட்டி தரைத்தளத்தில் தரும் அழுத்தம் முக்கால் பார் அளவுதான். பெரும்பாலான தானியங்கி வால்வுகளுக்குக் குறைந்தது ஒன்றரை பார் வேண்டும், ஏனென்றால் உப்புநீரை இழுப்பது பம்பு அல்ல. இன்ஜெக்டர் என்ற சிறு துளை வழியாகப் பாயும் தண்ணீரின் வேகமே அதை இழுக்கிறது. இந்த வீட்டில் அரை எச்பி பிரஷர் பம்பு ஒன்றைச் சம்பிலிருந்து தனியாகச் சாஃப்ட்னருக்கு இணைத்தார்கள். தண்ணீர் தேவைப்படும்போது தானாக ஓடும், வால்வு கேட்கும் எந்த நேரத்திலும் அழுத்தம் இருக்கும். இருக்கும் ஏற்று மோட்டாரையே ஓட்டலாம், ஆனால் அந்த ஒரு மணி நேரம் மிகக் குறைந்த நீரே செல்வதால் மோட்டார் திணறும். உபரி நீர் சம்புக்கே திரும்ப ஒரு கிளைக்குழாய் வைக்காமல் அதைச் செய்யாதீர்கள்.

கோடு போடும் முறை மூன்றாவது ஒரு பழுதையும் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு ரீஜெனரேஷனுக்கும் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போனால், நிரப்பல் நடக்கிறது, உறிஞ்சல் நடக்கவில்லை என்று பொருள். இன்ஜெக்டர் துளையில் போர் மணல் அடைத்திருக்கும், அல்லது உப்புநீர்க் குழாயின் இணைப்பு தளர்ந்து காற்றை இழுக்கும், அல்லது கழிவுக் குழாய் மடங்கியிருக்கும். வால்வை உறிஞ்சும் நிலையில் வைத்து, உப்புநீர்க் குழாயைக் கழற்றி நுனியை விரலால் மூடுங்கள். விரலை இழுத்தால் இன்ஜெக்டர் நலம், கோளாறு இணைப்பில். இழுக்கவில்லை என்றால் கழிவுக் குழாயைப் பார்த்துவிட்டு, தண்ணீரை அடைத்து, அழுத்தத்தை இறக்கி, இன்ஜெக்டரையும் அதன் முன்னுள்ள சிறு வலையையும் கழற்றிக் கழுவுங்கள். துளையில் ஊசி விட வேண்டாம். துளை அகன்றால் உறிஞ்சும் திறனே போய்விடும்.

தொட்டி ஒழுங்காக இயங்கியும் கடினத்தன்மை வந்தால்தான் சந்தேகம் ரெசினுக்குப் போக வேண்டும். ரீஜெனரேஷன் முடிந்தவுடனே சிவப்பு வந்தால், ரெசினைச் சந்தேகிக்கும் முன், தண்ணீரைச் சாஃப்ட்னருக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வைப் பாருங்கள். அது கசிந்தாலோ நடுக்குழாயின் ஓ-ரிங் போனாலோ கடின நீர் கலக்கும். முதலில் நீலமாக இருந்து சீக்கிரமே சிவந்தால் கொள்ளளவைச் சோதிக்கலாம். 6 கிலோ உப்பில் இரட்டை ரீஜெனரேஷன் செய்து, எத்தனை லிட்டரில் சிவப்பு திரும்புகிறது என்று மாடித் தொட்டி நிரம்பும் எண்ணிக்கையால் அளக்கலாம். இந்த அளவு உப்புக்கு 2700 லிட்டர் அருகே வர வேண்டும். இந்த வீட்டில் நான்காம் ஆண்டு முடிவில் வந்தது 2400. "போச்சு" என்று சொல்லப்பட்ட ரெசின் அது.

பாதிக்கும் கீழே வந்தால் மேல்மூடியைக் கழற்றி ஒரு கைப்பிடி ரெசினை எடுத்துப் பாருங்கள். செம்பழுப்பாக இருந்தால் இரும்பு படிந்திருக்கிறது. உப்புத் தொட்டியைக் காலி செய்து, 10 லிட்டர் தண்ணீரில் அரை கிலோ சிட்ரிக் அமிலம் கரைத்து உறிஞ்ச வைத்து, சில மணி நேரம் ஊறவிட்டு, கலங்கல் தெளியும்வரை எதிர்க்கழுவல் செய்து, பின் முழு உப்பில் ரீஜெனரேஷன் செய்தால் பெரும்பாலும் மீளும். விரல்களுக்கு நடுவே நசுங்கி மாவாகும் ரெசினை மீட்க முடியாது. பிளீச்சிங் பவுடர் கலந்த லாரித் தண்ணீரைச் சம்பில் ஊற்றும் வீடுகளில் குளோரின் செய்யும் வேலை இது. சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு கார்பன் வடிகட்டி இல்லையென்றால் புது ரெசினும் அதே வழியில்தான் போகும்.

கழிவுநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் 3.75 கிலோ உப்பு வெளியேறுகிறது. அதைத் தென்னைக்கும் மழைநீர் சேகரிப்புக் குழிக்கும் விடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது மீண்டும் அதே போருக்குத்தான் இறங்கும். கழிவுக் குழாயைப் பாதாளச் சாக்கடை இணைப்பில் விடுங்கள். மென்நீரிலும், 600 கடினத்தன்மையை நீக்கினால் லிட்டருக்குச் சுமார் 276 மில்லிகிராம் சோடியம் ஏறும். சமையலறைக்கும் குடிக்கவும் அதை நேரடியாகக் கொடுக்காமல் ஆர்ஓ வழியாகவோ தனிக்குழாயிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.