‘டக்’ என்ற சத்தத்தை நம்பிப் பயன்படுத்திய வாக்கர்: பட்டன் பூட்டாத கால் பற்றி ஓர் எச்சரிக்கை

என் தாயாருக்கு வயது 74. இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, வலது காலில் முழு எடையையும் ஊன்றக் கூடாது, ஆறு வாரம் வாக்கரைப் பிடித்துத்தான் நடக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். மருத்துவமனைக்கு எதிரே இருந்த சர்ஜிக்கல் கடையில், பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்த மடக்கும் அலுமினிய வாக்கர் ஒன்றை 1,600 ரூபாய்க்கு வாங்கினேன். கால்களின் அடியில் இருந்த ரப்பர் புஷ் நான்கும் புத்தம் புதியவையாக இருந்ததால், மற்றவையும் புதியவைதான் என்று நம்பிவிட்டேன். பில் கேட்டதற்கு, தொகை மட்டும் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். அதையும் அவசரத்தில் வாங்கிக்கொண்டு வந்தது என் தவறு.

வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், அம்மாவை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்துக்குக் கைப்பிடியைச் சரிசெய்தார். இந்த வாக்கரில் மேற்குழாய்க்குள் கீழ்க்குழாய் நுழைகிறது. கீழ்க்குழாயின் உள்ளே வளைந்த ஒரு ஸ்பிரிங் தகடு இருக்கிறது, அதன் நுனியில் உள்ள பட்டன் மேற்குழாயில் வரிசையாக இருக்கும் துளைகளில் ஏதாவது ஒன்றின் வழியே வெளியே தலைநீட்டிப் பூட்டிக்கொள்கிறது. நான்கு கால்களிலும் பட்டனுக்குக் கீழே இரண்டு துளைகள் காலியாகத் தெரியும்படி அவர் வைத்தார். ஒவ்வொரு காலிலும் ‘டக்’ என்ற சத்தம் கேட்டது, எங்களுக்கு அது போதுமானதாகப் பட்டது.

நான்காம் நாள் காலை, குளியலறையிலிருந்து வெளியே வரும்போது அம்மா கைப்பிடியில் எடையைப் போட்டுத் திரும்பினார். அந்த நொடியில் வலது பின்கால் சட்டென்று உள்வாங்கி, வாக்கர் முழுவதும் அறுவை சிகிச்சை செய்த பக்கமாகவே சாய்ந்தது. பின்னால் ஓரடி தள்ளி நின்ற நான் அவரது இடுப்பைத் தாங்கிப் பிடித்ததால் அவர் தரையில் விழவில்லை என்றாலும், முழங்கால் கதவு நிலையில் மோதி வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்து, உள்ளே வைத்த உலோகத் தகடு நகரவில்லை என்று தெரியும் வரை நாங்கள் பட்ட பாட்டை எழுதி முடியாது.

மறுநாள் வாக்கரைக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அந்தக் காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார், பட்டன் ஓட்டையிலதானே உக்காந்திருக்கு? நீங்களே உயரத்தை மாத்தி வெச்சிட்டு வந்து சொல்றீங்க” என்றார். பட்டன் ஒரு துளையில் இருந்தது உண்மைதான். ஆனால் மற்ற மூன்று கால்களில் பட்டனுக்குக் கீழே இரண்டு துளைகள் காலியாக இருக்க, அந்தக் காலில் மட்டும் மூன்று காலியாக இருந்தன. அதாவது, எடை இறங்கியபோது மேற்குழாய் கீழே வழுக்கி, பட்டன் அடுத்த துளையில் போய் மாட்டியிருக்கிறது. துளைகளின் இடைவெளி ஓர் அங்குலம் என்பதால், கால் அந்த அளவு குட்டையாகிவிட்டது. முதல் நாள் அம்மா எழுந்து நின்றதை என் தங்கைக்கு அனுப்புவதற்காக எடுத்த புகைப்படத்தில் அதே காலில் இரண்டு துளைகள் மட்டும் காலியாக இருப்பதைக் காட்டிய பிறகுதான், அவர் பேச்சை மாற்றினார்.

லேத் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் காலைக் கழற்றிப் பார்த்துக் காரணத்தைக் காட்டினார். நல்ல நிலையில் இருந்த மற்ற மூன்று பட்டன்களும் மேற்குழாய்க்கு வெளியே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தன, அவற்றின் பக்கங்கள் செங்குத்தாக இருந்தன. பழுதான பட்டனோ 1 மில்லிமீட்டர் அளவுகூட வெளியே வரவில்லை, மேல்விளிம்பும் தேய்ந்து உருண்டிருந்தது. பட்டனின் செங்குத்தான பக்கம் துளைக்குள் நின்றால்தான் துளையின் மேல்விளிம்பு அதன்மீது அமர்ந்து எடையைத் தாங்கும். உருண்ட தலை மட்டும் துளைக்குள் எட்டிப் பார்த்தால், எடை இறங்கும்போது அந்த விளிம்பே அதன்மீது ஏறி பட்டனை உள்ளே அழுத்திவிடும். துளையும் வட்டமாக இல்லாமல் மேல்நோக்கி நீண்டு முட்டை வடிவாகியிருந்தது. உள்ளே இருந்த ஸ்பிரிங் தகட்டின் வளைவில் துரு படிந்திருந்தது. நான்கே நாளில் இவ்வளவு தேய்மானமும் துருவும் வராது. வாடகைக்கு விட்டோ, ஒருவர் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்தோ வந்த பொருளைப் புது ரப்பர் மாட்டிப் புதியதென்று விற்றிருக்கிறார்கள் என்றே நான் முடிவு செய்கிறேன்.

இதைவிட மோசமானது கீழ்க்குழாயின் வளைவு. நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. கழற்றிச் சமமான டைல்ஸ் தரையில் உருட்டியபோது, நடுப்பகுதி தரையை விட்டு எழுந்து எழுந்து இறங்கியது. வளைந்த குழாய் மேற்குழாய்க்குள் நேராக நிற்காமல் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்கிறது. இந்த வாக்கரில் அது பட்டனுக்கு எதிர்ப்பக்கமாக ஒட்டியதால், வலுவிழந்த ஸ்பிரிங் தள்ளிய கொஞ்ச தூரமும் அந்த இடைவெளியிலேயே போய்விட்டது.

பட்டனை இடுக்கியால் வெளியே இழுத்துவிட்டுத் தருவதாகவும், வேண்டுமானால் குறுக்கே ஆணி ஒன்றைச் செருகி டேப் சுற்றித் தருவதாகவும் கடைக்காரர் சொன்னார். குழாய் நேராகவும் துளை வட்டமாகவும் இருந்தால், ஸ்பிரிங் பட்டனை மட்டும் அதே அளவில் புதிதாக மாற்றிக்கொள்ளலாம், அதை நான் மறுக்கவில்லை. வளைந்த அலுமினியக் குழாயைத் தட்டி நிமிர்த்தினால் அந்த இடம் மேலும் பலவீனமாகும், தளர்ந்த துளையில் செருகிய ஆணியும் ஆடி ஆடித் துளையை இன்னும் பெரிதாக்கும். பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதையே மறைத்துவிடும் டேப்பை நான் எந்தக் காலிலும் அனுமதிக்க மாட்டேன்.

வாக்கர் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒவ்வொரு காலையும் கழற்றி மாட்டிப் பாருங்கள். பட்டனை விரல் நுனியால் தடவினால் நான்கும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பூட்டிய பிறகு கீழ்க்குழாயை இரு பக்கமும் திருகி, இழுத்துப் பார்த்துவிட்டு, அந்த மூலையின் கைப்பிடியில் இரு கைகளையும் ஊன்றி உங்கள் எடையை நன்றாக இறக்குங்கள். பட்டன் உள்வாங்கினால், சத்தம் எவ்வளவு நன்றாகக் கேட்டிருந்தாலும் அதை வாங்காதீர்கள். உயரம் மாற்றும் கைத்தடிக்கும் இதே சோதனைதான். தடிக்கு ஒரே கால் என்பதால் பட்டன் வழுக்கினால் தாங்குவதற்கு வேறு எதுவும் இருக்காது. பட்டனுக்கு அருகில் இறுக்கும் வளையம் உள்ள தடிகளில் வளையம் ஆட்டத்தைக் குறைப்பதற்கு மட்டுமே என்பதால், அதை இறுக்கினால் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் பட்டனையே பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். சமாதானம் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, இவ்வளவு சிறிய தொகைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. பில் இல்லாத குறையை, பணம் அனுப்பிய யுபிஐ பதிவு ஓரளவு ஈடுசெய்கிறது.

கடைக்காரர் கடைசியாகத் தொலைபேசியில், பழையதைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்த வலது பின்கால் இன்னொரு பிளாஸ்டிக் உறைக்குள் போய்விடும். அம்மாவுக்கு வேறு கடையில் சோதித்துப் பார்த்து ஒன்றை வாங்கிவிட்டேன். பழையது, கழற்றிய கீழ்க்குழாயும் துருப்பிடித்த ஸ்பிரிங்கும் ஒரு பையில் கட்டித் தொங்கவிடப்பட்ட நிலையில், என் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது.