சாறிச் சட்டைக்கு கொளுக்கியோ, பிரஸ் பட்டனோ, தெறியோ?

முதலே சொல்லிப்போடுறன், உடம்போட இறுகி நிக்கிற சாறிச் சட்டைக்கு என்ர வோட்டு கொளுக்கிக்குத்தான். பிரஸ் பட்டன் தைக்கவும் சுகம் பூட்டவும் சுகம், ஆனா ரெண்டு கையையும் பின்னால கொண்டு போனா நெஞ்சடியில இழுவை விழுந்து டக்கெண்டு கழண்டிடும். கொளுக்கியை இழுக்க இழுக்க அது வளையத்துக்குள்ள இன்னும் நல்லாப் பிடிக்கும். கழுத்து மூலை தூக்காமல் கிடக்க ஒரு பிரஸ் பட்டன் வைக்கலாம், அங்க இழுவை இல்லை.

தெறி, கொஞ்சம் தளர்வான பருத்திச் சட்டைக்கு வடிவு. இறுக்கமானதுக்கும் தெறிதான் வேணுமெண்டா ஓட்டையைக் கிடையா வெட்டுங்கோ, நெடுக்கா வெட்டினா இழுக்கேக்க ஓட்டை வாயைப் பிளக்கும், தெறியும் வழுகி வெளிய வந்திடும்.

இனி எந்தக் கொளுக்கி எண்டு பாப்பம். ரவுணுக்குள்ள கடையில எல்லாம் ஒரே மாதிரித்தான் மினுங்கும், ஒரு சின்னக் காந்தத்தைக் கிட்டக் கொண்டு போங்கோ, ஒட்டினா அனேகமா இரும்புக்கு மேல பூசினது, எங்கட வெய்யிலுக்கு வேர்த்து வேர்த்து பூச்சுப் போனா துருக்கறை துணியில விழும், பிறகு அது போகாது. பித்தளை ஒட்டாது, துருவும் பிடிக்காது. எதிர்ப்பக்கத்துக்கு நூலால வளையம் போட்டா தட்டையாக் கிடக்கும், ஆனா ஆகக் கீழ, இடுப்புப் பட்டியில, கம்பி வளையம்தான் தாங்கும்.

மச்சாளின்ர பழைய பட்டுச் சட்டையை மகளின்ர அளவுக்கு மாத்தினதைச் சொல்லுறன். முன் திறப்பு 7 இஞ்சி. மேல ஒண்டு, கீழ ஒண்டு, நெஞ்சு ஆகப் பெருத்த இடத்துக்கு நேர ஒண்டு எண்டு முதல் மூண்டையும் குறிச்சுப்போட்டு, பிறகுதான் இடையில ஒண்டேகால் இஞ்சிக்குக் கிட்டவாப் பிரிச்சது, மொத்தம் ஆறு. மேலயிருந்து சும்மா சமனா அளந்துகொண்டு வந்தா நெஞ்சடி ரெண்டு கொளுக்கிக்கு நடுவில மாட்டுப்படும், அந்த இடம்தான் பிளந்து உள்ளுக்குத் தெரியும். கொளுக்கியின்ர ரெண்டு காதை மட்டும் தைச்சா காணாது, வளைவுக்குக் கீழ கழுத்தடியிலயும் நாலு தையல் போடோணும், இல்லாட்டி முன்னால தூக்கும்.

திறப்புப் பட்டிக்கு உள்ளுக்கு என்ன வைக்கிறது எண்டதுதான் பெரிய கதை. அயன் பண்ணி ஒட்டுற கன்வஸ் கெதியா முடியும், பருத்திக்கு நல்லம், துணியை முதல் ஒருக்கா நனைச்சுக் காய விட்டிட்டு ஒட்டோணும், பிறகு தோய்க்கேக்க துணி சுருங்கினா கொப்புளம் கொப்புளமா எழும்பும். அயனை இழுக்காமல் ஒரு இடத்தில அமத்திப் பிடிச்சு, தூக்கி அடுத்த இடத்தில வைக்கோணும். மெல்லிய பட்டுக்கு நான் அதை வைக்கிறேல்லை, பசை ஊறி முன்பக்கம் திட்டுத் திட்டாத் தெரியும், சூடும் பட்டுக்கு ஆகாது. தோய்ச்ச மெல்லிய பருத்தித் துண்டை நூல் ஓட்டம் நெடுக்கா வரக்கூடியதா வெட்டி கையால ஓட்டிப்போட்டன், கொளுக்கித் தையல் பட்டை மட்டும் பிடிக்காமல் அந்தத் துண்டையும் சேத்துப் பிடிக்கும், பட்டு கிழியாது.

இலாஸ்டிக் இந்தச் சட்டைக்குத் தேவையில்லை. பாவாடை இடுப்புக்கு வாங்கிறவை கடையிலயே இழுத்துப் பாருங்கோ, இழுக்க அகலம் ஒடுங்கினா அது பின்னின வகை, பட்டிக்குள்ள கோக்க மட்டும் காணும், அதுக்கு மேலால மெசின் ஓடினா ஊசி குத்திக் குத்தி இழுவை விட்டிடும். ஒடுங்காததை நேர துணியோட வைச்சுத் தைக்கலாம்.