திருச்சியில் தங்கைக்குக் கடை பிடித்த கதை: அட்வான்ஸ், வாடகை உயர்வு, ரினிவல்

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனதில் பாதி லீவு தில்லை நகர் பக்கம் ஒரு கடைக்கு வாடகை பேசுவதிலேயே போய்விட்டது. தங்கை வீட்டிலேயே பிளவுஸ் தைத்து ஆரி வேலை செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள், இடம் பற்றவில்லை. புரோக்கர் காட்டியதில் ஒரு கடை பிடித்திருந்தது: தரைத்தளம், 450 சதுர அடி, மாத வாடகை 30,000. அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 3 லட்சம். 11 மாத அக்ரிமென்ட், ஒவ்வொரு தடவை புதுப்பிக்கும்போதும் 10 சதவீதம் கூட்டித் தரவேண்டும். "இந்த ஏரியா ரேட்டே இதுதான் தம்பி, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க" என்றார் ஓனர். கேட்டேன். அட்வான்ஸ் விஷயத்தில் அவர் சொன்னது உண்மைதான்.

ஆனால் எனக்கு உறுத்தியது அட்வான்ஸ் இல்லை, அந்த 11 மாதம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் போடுகிறார்கள். சரி, வீட்டு வாடகைக்கு அது பரவாயில்லை. கடைக்கு அப்படியா? தங்கை டைல்ஸ், லைட், ட்ரையல் ரூம், ஷோகேஸ் என்று உள்வேலைக்கு மட்டும் 5 லட்சம் போடப்போகிறாள். போட்ட காசு திரும்ப வருவதற்கு எப்படியும் இரண்டு மூன்று வருடம் ஆகும், ஓனரோ பன்னிரண்டாவது மாதமே "வேறு பார்ட்டி கூடத் தருகிறான்" என்று சொல்லலாம், அப்போது அவள் கையில் பேரம் பேச எதுவும் இருக்காது.

வாடகை உயர்வைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். வருடத்துக்கு ஒருமுறை கூட்டினால் ஐந்து வருடத்தில் நான்கு உயர்வு. 11 மாதத்துக்கு ஒருமுறை கூட்டினால் ஐந்து. அவர் கணக்குப்படி 55 மாதம் முடியும்போது 30,000 வாடகை 48,300 ஆகிவிடும். அதையே 12 மாதத்துக்கு 5 சதவீதம் என்று வைத்தால் ஐந்தாம் வருடம் 36,465தான். அதோடு டிராஃப்டில் இன்னொரு வரி, "அட்வான்ஸ் எப்போதும் நடப்பு வாடகையின் பத்து மடங்காக இருக்கவேண்டும்". வாடகை 48,300 ஆனால் அட்வான்ஸுக்கு இன்னும் 1,83,000 கட்டவேண்டும் என்று அர்த்தம். அட்வான்ஸுக்கு வட்டியும் கிடையாது. வங்கி வட்டி 7 சதவீதம் என்று வைத்தாலே 3 லட்சத்துக்கு மாதம் 1,750 ரூபாய், கண்ணுக்குத் தெரியாத கூடுதல் வாடகை அது.

தமிழ்நாட்டில் 2017ஆம் வருட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, கடைக்கும் பொருந்தும். அதில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்று இருக்கிறது, அதை வைத்து மடக்கிவிடலாம் என்று முதலில் நினைக்கத் தோன்றும். ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்தான் அந்த மூன்று மாதம். இரண்டு பேரும் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பத்துதான். அதனால் சட்டத்தைக் காட்டிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஓனர் ஏன் நீண்ட குத்தகைக்கு மறுக்கிறார் என்பது இரண்டாவது முறை பேசும்போதுதான் வெளியே வந்தது. அவருடைய அப்பா காலத்தில் ஒரு கடைக்காரர் காலி செய்யாமல் பல வருடம் கோர்ட்டுக்கு இழுத்திருக்கிறார், வாடகையோ ஏதோ பழைய சொற்பத் தொகை. அது 1960 சட்டத்தின் காலம். எங்களுக்குப் பத்திரம் எழுதிய வக்கீல் (இவருக்குக் கொடுத்த ஃபீஸ் வீணே இல்லை, புரோக்கருக்கு ஒரு மாத வாடகையைத் தூக்கிக் கொடுத்ததுதான் எரிச்சல்) ஓனரிடம் பொறுமையாக விளக்கினார்: இப்போதைய சட்டத்தில் குத்தகைக் காலம் முடிந்தும் வாடகைதாரர் உட்கார்ந்திருந்தால் இரண்டு மாதத்துக்கு இரட்டிப்பு வாடகையும், அதன்பிறகு நான்கு மடங்கும் கேட்கலாம். காலம் எழுதாமல் வாயால் பேசி விடுவதுதான் சார் உங்களுக்கே ஆபத்து என்றார். அதற்கப்புறம் பேச்சு சுலபமாகிவிட்டது.

கடைசியில் முடிந்தது இப்படி. ஐந்து வருடக் குத்தகை. அந்த ஐந்து வருடமும் ஓனர் காலி செய்யச் சொல்ல முடியாது, இரண்டு மாத வாடகை பாக்கி, உள்வாடகை இந்த இரண்டைத் தவிர. தங்கை முதல் வருடம் முடிந்தபின் மூன்று மாத நோட்டீஸில் வெளியேறலாம். பொதுவாக லாக்-இன், அதாவது குறிப்பிட்ட காலம்வரை குத்தகையை முறிக்கக்கூடாது என்று எழுதினால் வாடகைதாரரை மட்டும்தான் கட்டுவார்கள், அதனால் "உரிமையாளர்" என்ற சொல் அந்த வரியில் இருக்கிறதா என்று நான் விரல் வைத்துப் பார்த்தேன். உயர்வு 12 மாதத்துக்கு 5 சதவீதம். அட்வான்ஸ் ஏழு மாதம், 2,10,000, குத்தகை முடியும்வரை மாறாது. இதில் ஒரு லட்சத்தை ரொக்கமாக, ரசீது இல்லாமல் கேட்டார். அதற்கு மட்டும் நான் அசையவில்லை, எல்லாம் அக்கவுன்ட்டில்தான் போனது.

ரினிவல்தான் ரொம்ப இழுத்தது. டிராஃப்டில் "இருவரும் சம்மதித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம்" என்று இருந்தது. அது இல்லாவிட்டாலும் இரண்டு பேர் சம்மதித்தால் புதுப்பிக்கலாமே, அந்த வரியால் யாருக்கு என்ன லாபம்? நாங்கள் கேட்டது, குத்தகை முடிய மூன்று மாதம் முன்பு தங்கை எழுத்தில் கேட்டால் இன்னும் மூன்று வருடம் தரவேண்டும் என்பது. வாடகை அப்போதைய மார்க்கெட் ரேட் என்றார். மார்க்கெட் ரேட்டை யார் சொல்வது? அவர் ஒரு தொகை சொல்வார், அதைக் கொடுக்க முடியாவிட்டால் ரினிவல் உரிமை இருந்தும் இல்லாததுதான். மார்க்கெட் ரேட் என்றே இருக்கட்டும், ஆனால் கடைசி வாடகையைவிட 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தோம். ரொம்ப யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

பதிவுச் செலவைக் கேட்டால் தங்கை முகம் வாடியது. ஐந்து வருட வாடகை ஏறக்குறைய 19.9 லட்சம், அட்வான்ஸ் சேர்த்து 22 லட்சம், அதில் 1 சதவீதம் முத்திரைத்தீர்வை 22,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம்தான், ஆனால் அதிகபட்சம் 20,000. ஆக 42,000. ஓனர் பாதி தரமாட்டேன் என்றுவிட்டார். "20 ரூபா பத்திரத்துல ஐந்து வருஷம்னு எழுதிக்கலாமே அண்ணா" என்றாள். பதிவாகாத ஐந்து வருடப் பத்திரத்தை வைத்துக்கொண்டு 5 சதவீதம், ரினிவல் என்று கோர்ட்டில் எதையும் நிலைநாட்ட முடியாது, பேசியதெல்லாம் வீண் என்று வக்கீல் சொன்னதும் கட்டிவிட்டாள்.

பதிவுக்கு முன்னால் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்ததில் இடம் ஓனர், அவர் தம்பி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. தம்பியையும் வரவழைத்துக் கையெழுத்து வாங்கினோம். tenancy.tn.gov.in தளத்திலும் ஒப்பந்தத்தைப் பதிந்தாயிற்று. மீட்டர் வீட்டு டாரிஃபில் கிடந்தது, அதைக் கடை டாரிஃபுக்கு மாற்றும் வேலை மட்டும் நான் கிளம்பும்வரை முடியவில்லை. மாற்றிய பிறகே முதல் மாத வாடகை ஆரம்பம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதால் அவசரம் இப்போது ஓனருக்குத்தான்.