1,800 ரூபாய் பி.எஃப். கம்பெனியா, முழு 12 சதவீதக் கம்பெனியா?

போன மார்ச் மாதம் எங்கள் எதிர்வீட்டுத் தம்பி இரண்டு ஆஃபர் லெட்டரோடு வந்து நின்றான். ஒன்று மணலியில் கன்டெய்னர் யார்டு ஆபீஸ், இன்னொன்று மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி. இரண்டிலும் லெட்டரில் போட்ட மொத்தத் தொகையான சி.டி.சி. மாதம் 35,000, பேசிக் 20,000. "ண்ணா, மணலிக்காரன் கைக்கு அதிகம் தரான், மண்ணடிக்காரன் பி.எஃப்.ல அதிகம் போடுறான், எதுண்ணா நல்லது?" என்றான். பதினோரு வருஷமாகச் சம்பளக் கணக்கு போடுகிறவன் நான். உடனே பதில் வரும் என்று அவன் நினைத்திருப்பான். எனக்கோ அவனிடம் கேட்க இரண்டு கேள்விகள் இருந்தன.

முதலில் லெட்டரில் இருந்த வித்தியாசம். பி.எஃப். சட்டத்தில் சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். பேசிக் அதற்கு மேல் போனாலும், முதலாளி 15,000-க்கு மட்டும் 12 சதவீதம் கணக்குப் போட்டு 1,800-உடன் நிறுத்திக்கொள்ளலாம். மணலிக்காரர்கள் அந்த வகை. இவனிடம் 1,800 பிடிப்பார்கள், அவர்களும் 1,800 போடுவார்கள். மண்ணடிக்காரர்கள் முழு 20,000-க்கும் 12 சதவீதம் போடுகிறார்கள், அதாவது ஆளுக்கு 2,400.

என் முதல் கேள்வி: முதலாளி போடும் பங்கு சி.டி.சி.க்கு உள்ளேயா, வெளியேயா? லெட்டரைப் புரட்டினால் இரண்டிலுமே உள்ளேதான். அப்படியென்றால் அந்தப் பங்கும் அவன் சம்பளத்திலிருந்தே எடுத்துப் போடுவதுதான், தலைப்பு மட்டும் "முதலாளி பங்கு". மணலியில் 35,000-த்தில் 3,600 போய்க் கைக்கு 31,400 வரும், மண்ணடியில் 4,800 போய் 30,200 (தொழில் வரி மாதிரி சில்லறைகளை விட்டுவிடுகிறேன்). மாதம் 1,200 ரூபாய் அங்கே கையில் இருக்கும், இங்கே பி.எஃப்.பில் இருக்கும், அவ்வளவுதான். மண்ணடிக்காரர் தாராள மனசுக்காரர் என்றெல்லாம் நினைக்கத் தேவையில்லை. சி.டி.சி.க்கு வெளியே, மொத்தச் சம்பளம் போக மேலே போடுகிறார்கள் என்றால் கதை வேறு, அப்போது முழு 12 சதவீதம் என்பது மாதம் 600 ரூபாய் நிஜமான லாபம். எந்த ஆஃபரிலும் முதலில் இந்த வரியைத்தான் தேட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு அவன் நெளிந்தான். "இதுக்கு முன்னாடி எங்கயாவது பி.எஃப். பிடிச்சிருக்காங்களாடா?" மாதவரத்தில் ஒரு குடோனில் எட்டு மாசம் இருந்தானாம், பேசிக் 12,000, பி.எஃப். பிடித்தார்கள், விட்டுவிட்டு வந்ததோடு சரி. புது கம்பெனி கொடுத்த படிவம் 11-இல் 'முன்பு பி.எஃப். உறுப்பினரா, பென்ஷன் திட்ட உறுப்பினரா' என்ற இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று போடலாமா என்று யோசித்திருக்கிறான், பழைய கதை எதற்கு என்று.

அந்த ஒரு டிக்கில்தான் எல்லாமே மாறும். முதலாளி போடும் 12 சதவீதம் அப்படியே பி.எஃப்.பில் சேரும் என்றுதான் பெரும்பாலும் நினைக்கிறோம். பென்ஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அப்படி இல்லை. அந்தப் பன்னிரண்டிலிருந்து 8.33 சதவீதம், அதிகபட்சம் 15,000-க்குக் கணக்கிட்டு 1,250 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மிச்சம்தான் பி.எஃப்.பில் விழும். உங்கள் பங்கிலிருந்து எதுவும் இப்படிப் பிரியாது. பென்ஷனுக்குப் போன பணத்துக்கு வட்டியும் கிடையாது.

யார் பென்ஷன் உறுப்பினர்? 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதல்முறையாக பி.எஃப்.பில் சேரும்போதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தால் பென்ஷன் திட்டத்தில் சேர முடியாது, முதலாளி பங்கு முழுக்க பி.எஃப்.புக்கே வரும். நம்ம தம்பி 12,000 பேசிக்கில் சேர்ந்து ஏற்கெனவே உறுப்பினராகிவிட்டான், அந்தப் பென்ஷன் பணத்தை எடுக்கவும் இல்லை. அதனால் இப்போது 20,000 வாங்கினாலும் மாதா மாதம் 1,250 பிரிந்தே ஆகும். அதே ஆபீசில் பக்கத்து நாற்காலியில் அதே சம்பளத்துக்குப் புதிதாகச் சேரும் பையனுக்குப் பிரியாது.

வட்டி எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். ஏப்ரல் மாதச் சம்பளத்துக்கான பணத்தை முதலாளி மே 15-க்குள் கட்ட வேண்டும். கட்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து, அதாவது ஜூன் 1-லிருந்து அதற்கு வட்டி ஓடும். மாதா மாதம் இருப்பைப் பார்த்துக் கணக்கிடுவார்கள், ஆனால் கணக்கில் சேர்ப்பது வருடத்துக்கு ஒரு முறை. 2024-25-க்கு வட்டி 8.25 சதவீதம், மாதத்துக்கு 0.6875. ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்தால் ஜூனில் ஒரு மாதத் தவணைக்கு வட்டி, ஜூலையில் இரண்டுக்கு, இப்படியே மார்ச்சில் பத்துக்கு. ஒன்றிலிருந்து பத்து வரை கூட்டினால் 55. மாதத் தவணையை 55-ஆல் பெருக்கி 0.6875 சதவீதம் எடுத்தால் முதல் வருட வட்டி வந்துவிடும். முதலாளி பங்குக்கு மட்டும் அதே 8.25-இல் போட்டுப் பார்த்தேன்:

| | 1,800 கம்பெனி | முழு 12% கம்பெனி |
|---|---|---|
| பென்ஷனில் இல்லாதவர்: பி.எஃப்.பில் மாதம் விழுவது | 1,800 | 2,400 |
| அவருக்கு முதல் வருட வட்டி | 681 | 908 |
| பென்ஷன் உறுப்பினர்: பி.எஃப்.பில் மாதம் விழுவது | 550 | 1,150 |
| அவருக்கு முதல் வருட வட்டி | 208 | 435 |

இடது பத்தியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரண்டு பேருக்கும் லெட்டரில் அதே 1,800, ஆனால் ஒருவருக்கு வட்டி 681, இன்னொருவருக்கு 208. பேசிக்கும் வட்டியும் பத்து வருஷம் மாறாமல் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், முதலாளி பங்கு முதல் ஆளுக்குச் சுமார் 3.28 லட்சம் ஆகும், இரண்டாவது ஆளுக்கு ஒரு லட்சத்தை ஒட்டித்தான் நிற்கும். முழு 12 சதவீதத்தில் பென்ஷன் உறுப்பினருக்கு 2.1 லட்சம். 1,800-ஐ விட 2,400 மூன்றில் ஒரு பங்குதான் கூடுதல், ஆனால் 550-க்கும் 1,150-க்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். நம்ம தம்பி மாதிரி பழைய பென்ஷன் உறுப்பினருக்குத்தான் முழு 12 சதவீதம் அதிகம் பலன் தரும்.

இதைச் சொன்னதும் அவன் முகம் சுருங்கிவிட்டது, "அப்போ பென்ஷனுக்குப் போறது வேஸ்ட்டாண்ணா?" என்றான். வேஸ்ட் இல்லை. பத்து வருஷ சர்வீஸ் சேர்ந்தால் 58 வயதிலிருந்து மாதப் பென்ஷன் உண்டு, அந்த எட்டு மாதமும் அந்தக் கணக்கில் சேரும். சம்பளத்தை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் சூத்திரம். 15,000 உச்சவரம்பில் பத்து வருஷத்துக்கு மாதம் சுமார் 2,143 ரூபாய், முப்பத்தைந்து வருஷத்துக்கு 7,500-க்குக் குறையாது. ஆள் இல்லாமல் போனால் குடும்பத்துக்கும் பென்ஷன் உண்டு. இருபத்து மூன்று வயதில் யாருக்கும் இது பெரிதாகத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. ஆனால் அது பி.எஃப். மாதிரி குட்டி போடும் பணம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வைத்திருக்க வேண்டும்.

சரி, மணலியின் அந்த 1,200 ரூபாய்க்கு வருவோம். அதைக் கையில் வாங்கி அங்கேயே வி.பி.எஃப். என்று எழுதிக் கொடுத்தால், நம் பங்கில் கூடுதலாகப் பிடித்து அதே வட்டி போடுவார்கள். முதலாளி ஈடுபோட மாட்டார், ஆனால் சி.டி.சி. ஒன்றாக இருக்கும்போது மொத்தக் கணக்கில் மணலியும் மண்ணடியும் ஒன்றாகிவிடும். இந்தச் சம்பளத்தில் புதிய வரி முறையில் வரியே வராது, அதனால் அந்தக் கணக்கும் குறுக்கே நிற்காது. காகிதத்தில் மணலிதான் வசதி, எவ்வளவு போடுவது என்பது நம் கையில். ஆனால் தண்டையார்பேட்டையில் மாதம் 1,200 கையில் மிஞ்சினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் ஏலச்சீட்டுக்காரம்மாவும், தீபாவளிச் சீட்டும், பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ கடையும் இருக்கின்றன. எழுதிக் கொடுப்பேன் என்பான், எழுத மாட்டான். அதனால் இவனுக்கு நான் சொன்னது மண்ணடி. அம்மாவின் மருந்துக்கோ வாடகைக்கோ அந்தப் பணம் மாதா மாதம் தேவைப்படுகிற வீடு என்றால் மணலி என்றுதான் சொல்லியிருப்பேன்.

படிவம் 11-இல் 'ஆம்' போட வைத்து, பழைய யு.ஏ.என்., அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்ணையும் எழுத வைத்தேன். மறைத்திருந்தால், ஆபீசில் இவனைப் புது ஆளென்று நினைத்து முழுப் பணத்தையும் பி.எஃப்.பிலேயே போட்டிருப்பார்கள், பின்னால் பழைய கணக்கை மாற்றும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் மனு மேல் மனு. நேர் எதிராகவும் நடக்கும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், 22,000 பேசிக்கில் முதல்முறை சேர்ந்த ஒரு பெண்ணுக்கும் சம்பள சாஃப்ட்வேர் பழக்கதோஷத்தில் 1,250-ஐப் பென்ஷனுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷம் யாரும் கவனிக்கவில்லை, அந்தப் பெண்ணும் பாஸ்புக்கைத் திறக்கவில்லை. அதைச் சரிசெய்ய முதலாளிதான் பி.எஃப். ஆபீசுக்கு எழுத வேண்டும், இரண்டு மாதத்தில் பிடித்தால் சின்ன வேலை, இரண்டு வருஷம் கழித்து என்றால் அலைச்சல்.

கண்டுபிடிப்பது சுலபம். passbook.epfindia.gov.in-இல் யு.ஏ.என். போட்டு உள்ளே போனால் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று தொகை தெரியும்: உங்கள் பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன். முதல் வேலையே 15,000-க்கு மேல் என்றால் மூன்றாவது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு மாத வரி முழுசாகவே இல்லையென்றால் சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கலாம், அன்றைக்கே கேளுங்கள். வட்டி வரி மட்டும் மார்ச் முடிந்ததும் வராது, விகிதத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு சில மாதம் கழித்துத்தான் ஏறும், அதற்குப் பயப்பட வேண்டாம், கணக்கு மார்ச் 31 வரைக்கும் சேர்த்தே போடுவார்கள்.

தம்பி ஏப்ரலில் மண்ணடியில் சேர்ந்தான். மே கடைசி வாரம் போனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தான். 2,400, 1,150, 1,250. "மூணும் சரியா இருக்குண்ணா," என்றான்.