எல்இடி வால் ஷூட்டிங்: ட்ராலி நின்னப்புறமும் மலை நகருது

கிரீன் மேட்ல பழகுன கேமரா டீம் நாங்க, இப்போ கொஞ்ச வருஷமா எல்இடி வால் வேலைதான் அதிகம், அதாவது ஆர்டிஸ்டுக்குப் பின்னாடி பெரிய எல்இடி சுவர்ல பேக்ரவுண்டை ஓடவிட்டு நேரா கேமராவுலயே எடுக்கறது. கார் சீன், கண்ணாடி, பளபளன்னு நகை போட்ட ஆளு, இதுக்கெல்லாம் திரும்ப மேட்டுக்குப் போகவே மனசு வராது. ஆள் மேல பச்சை வெளிச்சம் படற ஸ்பில் கிடையாது, முடியைச் சுத்தி பச்சையை வெட்டி எடுக்கற கீ தலைவலி கிடையாது, ரிஃப்ளெக்‌ஷன் தானா விழுது.

ஆனா கேமரா நகரும்போது வால்ல இருக்கறது நிஜ இடம் மாதிரி தெரியறது டிராக்கிங் இருக்கறதாலதான். நாங்க யூஸ் பண்றதுல சீலிங் பூரா ரிஃப்ளெக்டிவ் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், கேமரா மேல ஒரு குட்டி சென்சார் அதைப் பாத்துக்கிட்டே கேமரா எங்க இருக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அனுப்பும், ஃபோகஸ் ஜூம் ரிங்ல இருக்கற என்கோடர் லென்ஸ் கணக்கைக் குடுக்கும், அதை வச்சு அன்ரியல் எஞ்சின்ங்கற 3டி சாஃப்ட்வேர் அந்தக் கோணத்துக்கு எப்படித் தெரியணுமோ அப்படி வால்ல வரையும். கேமரா பாக்கற அந்த ஜன்னலுக்குப் பேரு இன்னர் ஃப்ரஸ்டம், மிச்ச வால் வெறும் லைட்டுக்கும் ரிஃப்ளெக்‌ஷனுக்கும்தான்.

பிரச்சனை என்னன்னா இது அத்தனையும் நடக்க நேரம் ஆகும். ஒரு செட்டப்ல 6 ஃப்ரேம் லேட்னு வைங்க, 24 ஃப்ரேம்ல அது கால் செகண்ட். வெறும் பேன் ஷாட்னா பெருசா தெரியாது, ஏன்னா கேமரா இடம் மாறல, வால்ல இருக்கற படம் மாறவும் வேண்டாம், ஜன்னல் மட்டும்தான் பின்னாடியே ஓடி வரும். அதைக் கொஞ்சம் பெருசா வச்சுட்டா போதும். ட்ராலிதான் வினை. செகண்டுக்கு அரை மீட்டர் பக்கவாட்டுல போறோம், தூரத்து மலை நம்மகூடவே வால்ல அதே வேகத்துல நகரணும், ஆனா 12.5 சென்டிமீட்டர் பின்தங்கி வரும். ஓடிட்டு இருக்கும்போது கண்ணுக்கு சிக்காது. ட்ராலி டக்குனு நின்னதும் பாருங்க, முன்னாடி இருக்கற நிஜத் தூண் நின்னுடும், மலை மட்டும் கால் செகண்ட் வழுக்கிட்டுப் போய் நிக்கும். மானிட்டர்ல பாத்தா ஓகே மாதிரிதான் இருக்கும், பிளேபேக்ல தூணோட ஓரத்தையே பாத்தா மாட்டும். தூரத்துல இருக்கறது சேஃப்னு எல்லாரும் நினைப்பாங்க, உண்மையில வால் இருக்கற தூரத்துலயே வர்ற டிஜிட்டல் சுவருதான் சேஃப், அது நகரவே வேண்டாமே! அதனால ட்ராலி தள்ளுற கிரிப் ஆளுகிட்ட நிறுத்தும்போது மெதுவா அமுக்கி நிறுத்துங்கண்ணேன்னு சொல்லிடுவோம், இல்லன்னா அதை பேன் ஷாட்டா மாத்திடுவோம்.

அப்புறம் உச்சி வெயில். அது இங்க நடக்காது, அவ்ளோ பெரிய வால் தர்றது மெத்துனு பரவுற லைட், நிழலுக்குக் கூரான ஓரமே வராது. தனியா ஒரு பெரிய லைட் போட்டா அது வால்லயும் அடிச்சு கறுப்பெல்லாம் சாம்பலாயிடுது. டைரக்டர் மத்தியான ரோடு கேட்டா நான் நேரா அவுட்டோர்னு சொல்லிடுவேன். சாயங்காலம், மேகமூட்டம், ராத்திரின்னா தைரியமா வால் புக் பண்ணலாம்.

ஃபோகஸ் புல்லருக்கு ஒண்ணு: ஆர்டிஸ்ட் வாலுக்குப் பக்கத்துல போயிட்டா ஃபோகஸ் பிக்சல் மேலயே உக்காந்து மோரேங்கற கோடு அலை அலையா வரும், அப்புறம் கலர் பண்ற டிஐல அதை எடுக்க முடியும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.